பிள்ளைகள் தொழில் பார்க்கப் போகும்போது



முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் ஜோகூர் மாநிலத்து இடைநிலைப்பள்ளிகளில் ஆலோசக ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற ஒரே காரணத்தால் என்னை இந்த மேடைக்கு அழைத்திருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு எந்தத் தொழில் நல்லது என்று நான் சொல்லப் போவதாக உங்களில் சிலர் எதிர்பார்த்து வந்திருக்கலாம். அதை நான் சொல்லப் போவதில்லை. சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதை என் சொந்த வீட்டிலேயே கற்றுக்கொண்டேன்.

என் மகன் பதினாறு வயதில் இருந்தபோது, அவனே தொழில்களைப் பார்த்து அறியட்டும் என்று பெருந்தன்மையோடு தீர்மானித்து, மூன்று இடங்களுக்கு அவனை அனுப்பினேன். மூவரும் பொறியாளர்கள், மூவரும் என் சிநேகிதர்கள். மூவருமே அவனை அன்போடு வரவேற்று, இயந்திரங்களைச் சுற்றிக் காட்டி, மதியம் நல்ல சாப்பாடும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன்: “எப்படியப்பா, பிடித்ததா?” அவனும் “நன்றாக இருந்தது” என்றான். அந்த இரண்டு சொற்களை ஆதாரமாகக் கொண்டு அவனைப் பொறியியலில் சேர்த்தேன். இரண்டாம் ஆண்டில் அவன் படிப்பை விட்டு வந்தான். அவனை நான் ஒருநாளும் வற்புறுத்தவில்லை என்று வெகுகாலம் சாதித்துக்கொண்டிருந்தேன். உண்மையில், கட்டளை என்ற உருவத்தில் அல்ல, ஏற்பாடு என்ற உருவத்தில் என் ஆசை அவன்மேல் ஏறியிருந்தது. யாரிடம் அனுப்புகிறோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன கேட்கிறோம் என்ற இரண்டு வாசல்களின் வழியாகத்தான் பெற்றோரின் விருப்பம் பிள்ளையினுள் நுழைகிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அந்த இரண்டு வாசல்களே.

நம் காலத்தில் இது ஏன் அவசரமாகிறது என்றால், படிவம் 3 முடியும் தறுவாயிலேயே படிவம் 4இன் தேர்வுப் பாடங்களைப் பிள்ளை எடுத்தாக வேண்டும். பழைய அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற சுவர் 2020இல் இடிக்கப்பட்டு, பாடத் தொகுதிகள் வந்துவிட்டன. பிடி3 சோதனையும் 2022இல் நீக்கப்பட்டது. முன்பெல்லாம் மதிப்பெண் பார்த்துப் பள்ளிக்கூடம் செய்துவந்த தீர்மானத்தில் ஒரு பங்கு இப்போது வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டில் அதைத் தீர்மானிக்க என்ன சாமான் இருக்கிறது? பள்ளியில் எழுதவைக்கும் தொழில் ஆர்வப் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்கர் 1959இல் வெளியிட்ட கோட்பாட்டைத் தழுவி, மனிதரின் ஆர்வங்களை ஆறு வகையாகப் பிரித்துக் காட்டுவது அது. பேச்சைத் தொடங்க அது நல்ல கருவி. ஆனால் நம்மவர்கள் அதன் மூன்றெழுத்து விடையை ஜாதகக் கட்டம் போலப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தொழிலின் பகல் எப்படிக் கழியும் என்பதைக் கண்ணால் காணாத பிள்ளை, அந்தத் தாளில் “மிகவும் விருப்பம்” என்று வட்டமிடுவது தொழிலின் பெயரைத்தானே தவிர, தொழிலை அல்ல.

ஆகவே பிள்ளையை அந்தப் பகலுக்குள் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஒருவர் வேலை செய்யும்போது அவர் பின்னால் நிழல் போல இருந்து பார்த்துவரும் இந்தப் பழக்கம் உலகத்தில் புதிதன்று. 1995இல் பூகம்பத்தால் சிதைந்த கோபே நகரம் இருக்கும் ஜப்பானிய மாநிலமான ஹியோகோவில், 1998 முதல் நடுநிலைப்பள்ளி இரண்டாம் ஆண்டு மாணவர்கள் ஐந்து நாட்கள் வகுப்பறையை விட்டு, அக்கம்பக்கத்துக் கடைகளிலும் பட்டறைகளிலும் பராமரிப்பு இல்லங்களிலும் இருந்துவிட்டு வருகிறார்கள். பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் அவர்கள். அங்கே அரசாங்கம் செய்வதை இங்கே ஒரு குடும்பம் தன் அளவில் செய்துகொள்ளலாம். செய்த ஒரு குடும்பத்தின் கதையைத்தான் இனி விவரமாகச் சொல்லப் போகிறேன். பெயர் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயரில்லாமலே சொல்கிறேன்.

தகப்பனார் பாசிர் கூடாங் துறைமுகத்திலிருந்து கொள்கலப் பெட்டிகளை இழுக்கும் லாரி ஓட்டுநர். இருபது வருஷ அனுபவம். அவருடைய பெற்றோர் கூலாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் சீவியவர்கள். மூத்த மகள் படிவம் 4, நன்றாகப் படிப்பவள். அவளை டாக்டராக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே லட்சியம். என்னிடம் வந்தபோது அவர் கேட்டது, அந்த லட்சியத்துக்கு அவள் மனத்தைத் திருப்புவது எப்படி என்பதுதான். நான் அவரிடம், டாக்டர் உத்தியோகத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னதெல்லாம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் சிறுவயதில் தாம் கண்ட ஒருவரைப் பற்றியதாகவே இருந்தது. அவர் சொன்ன காலத்தில் அரசாங்க உத்தியோகம் என்றால் நிரந்தர உத்தியோகம். ஆனால் 2016 டிசம்பர் முதல் இந்நாட்டில் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டார்கள் என்பதும், அந்த முறையை எதிர்த்து 2021 ஜூலை 26ஆம் நாள் அவர்களே பணியிடத்தை விட்டு வெளியே வந்து நின்றார்கள் என்பதும் அவர் அறியாத சங்கதிகள். இன்று படிவம் 4இல் இருக்கும் பிள்ளை பல்கலைக்கழகமும் பயிற்சிக்காலமும் முடித்து வெளிவர ஏறக்குறைய பத்து வருஷங்கள் ஆகும்; அப்போது நிலைமை எப்படி இருக்கும் என்பது எனக்கும் தெரியாது. டாக்டர் படிப்பு வேண்டாம் என்பது என் வாதம் அல்ல. நம்முடைய ஆசை எந்த வருஷத்துச் செய்தியின் மேல் கட்டப்பட்டது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே.

அவர் யோசித்தார். பிறகு நாங்கள் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அவர் தம் விருப்பத்தை மகளிடம் ஒரே ஒருமுறை, ஒளிக்காமல், “எனக்கு இப்படி ஓர் ஆசை இருக்கிறது, இது என் ஆசை” என்று சொல்லிவிட வேண்டும். கூடவே, படிப்புக்குக் குடும்பத்தால் எவ்வளவு வெள்ளி செலவழிக்க முடியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனியார் கல்லூரியில் மருத்துவம் என்றால் சில லட்சம் வெள்ளி ஆகும் என்பதால் இது மறைக்கத்தக்க விஷயம் அன்று. “எல்லாம் உன் இஷ்டம்” என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளும் பெற்றோரும் இருக்கிறார்கள். வரம்பு எதுவென்று தெரியாமல், அப்பாவின் முகத்தைப் பார்த்து வரம்பை ஊகித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது சுதந்திரம் அன்று, வேறொரு பாரம். பணத்தின் எல்லையைச் சொல்வது வற்புறுத்தல் ஆகாது.

அடுத்தது இடங்களைத் தேர்வது. பட்டியலை மகளே எழுதினாள். முதல் பட்டியலில் டாக்டர், வக்கீல், ஆசிரியை என்று மூன்றே இருந்தன. மூன்றும் அப்பாவுக்குத் தெரிந்த தொழில்களாகவே இருந்தால், அது பிள்ளையின் பட்டியல் அன்று, வீட்டின் எதிரொலி என்று கொள்ள வேண்டும். நான் அவளிடம், ஒரு கிளினிக்கில் உனக்கு ரத்தம் எடுத்தால் அந்தக் குழாய் அப்புறம் எங்கே போகிறது, அப்பா இழுக்கும் பெட்டியை யார் அனுப்பச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. தெரியாத அந்த இரண்டு இடங்களும் பட்டியலில் ஏறின. அவற்றோடு டாக்டரையும் சேர்த்து, முதலில் பார்க்க எடுத்துக்கொண்டவை மூன்று இடங்கள்: ஒரு தனியார் கிளினிக், ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடம், ஒரு சரக்கு அனுப்பும் முகவரின் அலுவலகம்.

இடம் கேட்பது எளிதன்று. பாசிர் கூடாங்கின் ரசாயன ஆலைகளைப் போன்ற இடங்களில், பாதுகாப்பை முன்னிட்டு, பதினெட்டு வயதாகாதவர்களைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். துறைமுகத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். கிளினிக்கில் நோயாளியின் அறைக்குள் பிள்ளையை உட்காரவைப்பது நோயாளிக்குச் செய்யும் துரோகம். ஆகையால் கிளினிக்கில் அவள் முகப்பிலும் மருந்து கொடுக்கும் இடத்திலும் மட்டுமே இருந்தாள். கடிதத்தை மகளே எழுதினாள். பள்ளிக்கூடத்தின் ஒரு வரியும், தகப்பனாரின் சம்மதமும் அதோடு சென்றன. அதிலே நான் வற்புறுத்தியவை இரண்டு. முதலாவது, பிள்ளை பார்க்க வருகிறாள், வேலை செய்ய அல்ல. கூலியும் வேண்டாம், ஏவலும் வேண்டாம். இரண்டாவது, முதலாளியோடு அல்ல, வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருஷம் ஆன ஒருவரோடு இருக்க வேண்டும். முதலாளிக்குத் தம் தொழிலைப் பற்றிப் பேசவே நேரம் இருக்கும். ஐந்தாறு வருஷக்காரருக்குத்தான் அதைச் செய்ய நேரம் போகும். முதலாளி தரிசனம் செய்துவைப்பார். நமக்கு வேண்டியது தரிசனம் அன்று.

பார்க்கப் போகிறவள் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். அரை மணிக்கு ஒரு வரி. அந்த அரை மணியில் அவர் கை என்ன செய்தது, யாரோடு பேசினார், நின்றாரா உட்கார்ந்தாரா என்று மட்டும் எழுத வேண்டும். அபிப்பிராயம் எழுதக் கூடாது. நோயாளியின் பெயரோ எண்ணோ எழுதக் கூடாது. ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை, எட்டு வரிகள்.

லார்க்கின் பக்கம் இருந்த அந்தப் பரிசோதனைக்கூடத்தில் அவள் எழுதிய எட்டு வரிகளை நான் பார்த்தேன். மூன்று வரிகள், வந்த குழாய்களின் பெயர்ச்சீட்டைப் படிவத்தோடு ஒப்பிடுவது. இரண்டு வரிகள் இயந்திரங்களின் முன்னால். ஒன்று, ஒரு கிளினிக்கோடு தொலைபேசியில் பேசுவது. ஒன்று, இயந்திரம் சரியாக அளக்கிறதா என்று தெரிந்த மாதிரியைக் கொண்டு சோதிப்பது. ஒன்று தேநீர். நுண்ணோக்கியை எதிர்பார்த்துப் போனவள், நேரத்தில் ஒரு பெரிய பங்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதில் போவதைக் கண்டாள். ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ரத்தம் உறையாது, அணுக்களை எண்ண அது வேண்டும். சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் உறையும்வரை காத்திருந்து, பிறகுதான் சுழற்றுவார்கள். சாம்பல் நிற மூடி சர்க்கரைக்கு. இவற்றையெல்லாம் அந்தப் பணியாளர் சொல்லிக் கொடுத்தார். குழாயில் ரத்த அணுக்கள் உடைந்திருந்தால் பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும் என்பதையும் சொன்னார்.

அவளை அசைத்தது அதுவும் அன்று. பதினொரு மணி வாக்கில் ஒரு குழாயை அந்தப் பணியாளர் தனியே எடுத்து வைத்தார். பெண் நோயாளியின் படிவம். ஆனால் குழாயின் சீட்டில் எழுதியிருந்த அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை. நம் அட்டையில் பன்னிரண்டு இலக்கங்கள் உண்டு. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. ஆகவே, குழாயோ சீட்டோ மாறிவிட்டது என்று பொருள். உள்ளே இருக்கும் ரத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் அதைச் சோதிக்க மறுத்து, கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொல்லி, மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார். ஐந்தாவது வரியில் அந்தப் பெண் எழுதியிருந்தாள்: “வேண்டாம் என்று சொன்னார். அவர்கள் கோபப்பட்டார்கள். மறுபடியும் வேண்டாம் என்று சொன்னார்.” அபிப்பிராயம் எழுதாதே என்ற என் விதியை அவள் மீறவில்லை, ஆனால் அந்த வரியின் கையெழுத்து மட்டும் மற்ற வரிகளைவிடப் பெரியதாக இருந்தது.

இப்போது இரண்டாவது வாசலுக்கு வருகிறேன். திரும்பி வரும் வழியில் என்ன கேட்பது? அன்று ஒன்றும் கேட்க வேண்டாம் என்றேன். “பிடித்ததா?” என்ற கேள்விக்குப் பிள்ளை தொழிலைப் பற்றி விடை சொல்வதில்லை, கேட்பவரின் முகத்தைப் பற்றி விடை சொல்கிறது. ஒருநாள் கழித்து, எதிரும் புதிருமாக உட்காராமல், லாரியிலோ காரிலோ பக்கத்தில் இருந்து, “எந்த அரை மணி சீக்கிரம் போயிற்று? எந்த அரை மணி நகரவே இல்லை?” என்று கேட்கலாம். சிங்கப்பூருக்கு விடிகாலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிள் ஏறும் தகப்பன்மார்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். 2014 முதல் பத்துப் பதினோரு வருஷம் ஜோகூரின் வார விடுமுறை வெள்ளி, சனியாக இருந்தபோது, உங்களுக்குப் பிள்ளையோடு சேர்ந்து கிடைத்தது சனி ஒன்றே. 2025 ஜனவரி முதல் சனியும் ஞாயிறும் ஆயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து போகும் பிரயாணத்துக்கு அந்த ஞாயிறு உதவும்.

நம் லாரி ஓட்டுநர் மகளிடம் இப்படிக் கேட்டபோது, அவள் டாக்டரைப் பற்றியும் பேசவில்லை, ரத்தத்தைப் பற்றியும் பேசவில்லை. வேண்டாம் என்று சொன்னவரைப் பற்றியே பேசினாள். தகப்பனாருக்கு உள்ளூர ஆனந்தம். ஆஸ்பத்திரி சம்பந்தமான உத்தியோகத்தில் மனம் போய்விட்டது என்று எனக்குச் செய்தி அனுப்பினார். பொறுங்கள் என்றேன். ஒருநாள் பார்த்ததில் ஒரு நல்ல மனிதரின் மேல் உண்டான மதிப்பை, அவருடைய தொழிலின் மேல் உண்டான ஆசை என்று எண்ணிவிடுவது இந்த முறையில் அடிக்கடி நேரும் பிழை. சிடுசிடுப்பான ஒருவர் கையில் அகப்பட்ட பிள்ளை நல்ல தொழிலை வெறுத்துவிடுவதும் அதே பிழையின் மறுபக்கம். இதைப் பிரித்தறிய வழி, மனிதரை விட்டு விலகிய பிறகும் அந்தச் செயல் பிள்ளையிடம் நிற்கிறதா என்று பார்ப்பது. பள்ளிச் செயல்திட்டம் இங்கேதான் பயன்படும்.

அந்தத் தவணையில் அவர்கள் குழுவுக்கு அறிவியல் செயல்திட்டம் ஒன்று இருந்தது. ரொட்டியில் பூஞ்சை எந்த இடத்தில் சீக்கிரம் பிடிக்கிறது என்று பார்ப்பது. சாதாரண விஷயம், செலவு ஐந்து வெள்ளிகூட ஆகாது. ஐந்து பைகளில் ஐந்து துண்டுகள், பத்து நாட்கள். மற்றப் பிள்ளைகள் பையில் ஏ, பி, சி என்று எழுதினார்கள். இவள் தேதி, நேரம், இடம், யார் வைத்தது என்று சீட்டு எழுதி ஒட்டினாள். ஆறாம் நாள் ஈரத்தில் ஒரு பையின் சீட்டு உரிந்து விழுந்தது. எந்தப் பை என்று ஊகித்து எழுதிவிடலாம் என்றார்கள் தோழிகள்; ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கும். அவள் அந்தப் பையைக் கணக்கிலிருந்து நீக்கி, நீக்கிய காரணத்தையும் எழுதினாள். மதிப்பெண் சிறிது குறைந்தது. பூஞ்சையில் அவளுக்கு ருசி பிறக்கவில்லை. நுண்ணுயிர்களைப் பற்றி ஆசிரியை கொடுத்த புத்தகத்தை அவள் திறக்கவும் இல்லை. ஆக, நின்றது மருத்துவம் அன்று, சரிபார்ப்பது. செயல்திட்டத்தில் பிள்ளை எந்தப் பகுதியைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறது, எதை மற்றவர் தலையில் கட்டுகிறது என்பதை மதிப்பெண் தாள் காட்டாது. வீட்டில் இருப்பவர் கண்ணில்தான் அது படும்.

மூன்றாவதாக, சரக்கு முகவரின் அலுவலகம். அது அவளுக்கு ஒத்துவரவில்லை. தொலைபேசிகள் ஓயாமல் அடித்தன. எட்டு வரிகளில் ஆறில் யாரோ யாரையோ அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்கள். “இந்த வேலை எனக்கு வேண்டாம்” என்று அவள் சொன்னபோது தகப்பனாருக்கு ஒருநாள் வீணாயிற்று என்று தோன்றியது. வீணாகவில்லை. பதினாறு வயதில் ஒரு காலை நேரத்தைச் செலவழித்து ஒன்றை நீக்க முடிந்தால், அது இருபத்தாறு வயதில் நீக்குவதைவிட எத்தனையோ மலிவு. ஆனால் அந்த அலுவலகத்திலிருந்து அவள் ஒரு பொருளைக் கொண்டுவந்தாள். கொள்கலப் பெட்டியின் பக்கத்தில் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் எழுதியிருக்குமல்லவா? அதிலே கடைசி இலக்கம் பெட்டியின் எண்ணே அன்று; முன்னால் இருப்பவை சரியாக எழுதப்பட்டனவா என்று காட்டும் சரிபார்ப்பு இலக்கம். எழுத்துக்கு ஓர் எண் உண்டு. முதல் இடத்தை ஒன்றால், அடுத்ததை இரண்டால், அதற்கடுத்ததை நான்கால் என்று இரட்டித்துக்கொண்டே போய்ப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டிப் பதினொன்றால் வகுத்தால், மிச்சம் வருவது அந்தக் கடைசி இலக்கம். மிச்சம் பத்தானால் சுழி. ஓர் இலக்கத்தைத் தப்பாக எழுதினால் கணக்கு பெரும்பாலும் ஒத்துவராது. அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைக் கண்டவளுக்கு இது பழைய சிநேகிதனைப் பார்த்தது போல இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அவள் அப்பாவிடம் கேட்டாளாம்: “அப்பா, பெட்டியின் கடைசி நம்பர் எதற்கென்று உங்களுக்குத் தெரியுமா?” இருபது வருஷமாக அந்த எண்களை இழுத்துக்கொண்டு மசாய்க்கும் தஞ்சோங் பெலெபாஸுக்கும் போய்வரும் அவருக்குத் தெரியாது. சமையலறை மேசையில் உட்கார்ந்து அவள் கணக்குப் போட்டுக் காட்டினாள். முதல் எண்ணுக்குச் சரியாக வந்தது. இரண்டாவதற்கு வரவில்லை, அவர் ஞாபகத்திலிருந்து சொன்ன எண் அது. மறுநாள் பெட்டியைப் பார்த்து வந்தபோது, இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிச் சொல்லியிருந்தது தெரிந்தது. இந்தச் செய்தியை எனக்குச் சொன்னபோது அந்த மனிதர் டாக்டர் என்ற சொல்லையே எடுக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், அவருக்குச் சொல்லவில்லை.

அவளுக்கு எஸ்.பி.எம். அடுத்த ஆண்டு. மருந்தியலா, பரிசோதனைக்கூடமா, புள்ளியியலா, கணக்குத் தணிக்கையா, இன்னும் பெயர் கேள்விப்படாத ஒன்றா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வரும் பள்ளி விடுமுறைக்கு இன்னும் இரண்டு இடங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். ஓர் இடத்திலிருந்து மறுமொழி வந்திருக்கிறது. தகப்பனார் இப்போது வேலை முடிந்து வந்ததும், அன்று இழுத்த பெட்டிகளின் எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கடைசி இலக்கத்தை மட்டும் விட்டுவிட்டு, அவள் மேசையில் வைக்கிறார்.